பாவு நூலைச் சொல்லாத பாய்

பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் மதினி இரண்டு வருடமாகப் பத்தமடைப் பாய்களை வாங்கி வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறார். போன ஆடியில் ஒரு படத்தை அனுப்பி, "எழுத்துப்பிழை இருக்கான்னு பாரு தம்பி" என்றார். ஆறடிக்கு மூன்றடிப் பாய், ஓரத்தில் சிவப்புப் பட்டை. கீழே எழுதியிருந்தது: '100% இயற்கையானது. சுற்றுச்சூழலுக்கு உகந்தது. முழுமையாக மக்கும். ரசாயனம் இல்லாதது. பூமியை நேசிப்போம்.'

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஐந்து வாக்கியங்களில் அந்தப் பாயைப் பற்றிய செய்தி என்று ஒன்றுகூட இல்லை. பாயை எடுத்துவிட்டு மண்பானைப் படத்தை வைத்தாலும், சோப்புக்கட்டிப் படத்தை வைத்தாலும் அதே வரிகள் பொருந்திப்போகும். சொன்னேன். "எல்லாரும் இப்படித்தானே போடுதாவ" என்றார் மதினி. அதுவும் உண்மைதான்.

சரி, பாயையே பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

கோரைப் பாயில் இரண்டு பொருள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது கோரை; அது ஊடை, குறுக்கே போவது. நீளவாட்டில் போகும் பாவு நூல், கோரைக்குள் ஒளிந்துகொண்டு பாய் முழுவதையும் பிடித்துக்கொண்டிருக்கும். பாயைக் கையில் எடுக்கிறவர்கள் கோரையைத் தடவிப் பார்ப்பார்களே தவிர நூலைப் பார்ப்பதில்லை. நுனியில் முடிச்சுப் போட்டிருக்கும் இடத்திலோ, துணி வைத்து ஓரம் அடித்திருந்தால் அந்தத் துணிக்குள்ளோதான் நூல் தெரியும். பருத்தியோ சணலோ போட்ட பாய்கள் உண்டு. நைலான் பாவு போட்ட பாய்களும் நிறைய உண்டு. ஒரு பாய் 'முழுமையாக மக்குமா' என்ற கேள்விக்குப் பதில் அந்த நூலில்தான் இருக்கிறது.

மதினிக்குப் பாய் கொடுக்கும் பத்தமடைப் பெரியம்மாவிடம் போனில் கேட்டோம். ஒளிவுமறைவே இல்லாமல் சொன்னார்: "இது நைலான் நூலுதான் தம்பி. பருத்தி போட்டா ஈரத்துல இத்துப்போவுது, ரெண்டு வருசத்துல பாய் பிரிஞ்சு வந்திருதுன்னு வாங்குதவங்க சண்டைக்கு வாராவ. பருத்தி வேணும்னா சொல்லுங்க, போட்டுத்தாரேன், வெல கூட." நெய்கிறவரிடம் பொய் எதுவும் இல்லை. பொய் சேர்ந்தது படத்துக்குக் கீழே வார்த்தை எழுதும்போதுதான்.

விற்பவரிடம் இப்படிக் கேட்டு அறிய முடியாதபோது நூலை வீட்டிலேயே சோதிக்கலாம். ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் நூலில் விரல்கடை அளவு வெட்டி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு மேலே தீக்காட்ட வேண்டும். பருத்தியும் சணலும் காகிதம்போல எரியும், காகிதம் கருகும் வாசம் வரும், கடைசியில் விரலால் தேய்த்தால் பொடியாகும் சாம்பல் மிஞ்சும். நைலான் தீயைக் கண்டதும் சுருங்கிப் பின்வாங்கும், உருகும், சொட்டும்; ஆறிய பிறகு நுனியில் கெட்டியான மணி ஒன்று நிற்கும், நசுக்கினால் நசுங்காது. பாலியெஸ்டரும் அப்படித்தான், மணி கறுப்பாக இருக்கும், கரும்புகை வரும். பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக் பாய் செய்கிற அதே பொருள், மெழுகுவத்தி அணைத்த வாசம் அடிக்கும்.

உருகும் நூல்களுக்குள் எது எது என்று பிரிக்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். பாலிப்ரொப்பிலீன் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: நூலின் இழைகளுக்கிடையே காற்று சிக்கியிருந்தால் மூழ்க வேண்டியதும் மிதக்கும். ஒரு சொட்டு சோப்புத்தண்ணீர் விட்டு, விரலால் அமுக்கிப் பிழிந்து, பிறகு விட்டுப் பார்க்க வேண்டும். நாங்கள் முதல் தடவை இதைச் செய்யாமல் 'பிளாஸ்டிக் பாய் நூல்' என்று முடிவுகட்டி, அந்தப் பெரியம்மாவைச் சந்தேகப்பட்டுவிட்டோம். அமுக்கிவிட்ட பிறகு அடியில் போய் உட்கார்ந்தது.

அப்புறம் எவ்வளவு நூல் என்ற கேள்வி. எலி கடித்த பழைய பாய் ஒன்று, அதே ஆள் நெய்தது, வீட்டில் கிடந்தது. அதில் சாண் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நகை நிறுக்கும் சின்னத் தராசில் வைத்தோம். 52 கிராம். கோரையை ஒவ்வொன்றாக உருவிவிட்டு நூலை மட்டும் நிறுத்தால் 3 கிராம். நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஆறு. முழுப் பாயின் எடை 1.2 கிலோ என்றால் அதில் 70 கிராம் அளவுக்கு நைலான் இருக்கிறது. இது இந்த ஒரு நெசவுக்கான கணக்கு. பாவு நெருக்கமாக இருக்கும் மென்மையான பாயில் விகிதம் வேறாக இருக்கும், அதைத் தனியாக நிறுக்க வேண்டும். ஆனாலும் இப்போது மதினியிடம் சொல்ல ஒரு செய்தி இருந்தது: 'எடையில் சுமார் 94 சதவீதம் கோரைப்புல், மீதி நைலான் பாவு நூல்.' '100% இயற்கை' என்பதைவிட இது குறைவாகத் தோன்றலாம். ஆனால் வாங்குகிறவர் வீட்டில் சரிபார்க்கக்கூடிய வாக்கியம் இது.

அடுத்தது 'மக்கும்'. இந்த வார்த்தைக்கு இடமும் காலமும் சேர்க்காவிட்டால் பொருளே இல்லை, ஏனென்றால் போதிய நூற்றாண்டுகள் கொடுத்தால் ஏறக்குறைய எல்லாமே சிதையும். அமெரிக்க வணிக ஆணையம் தன் வழிகாட்டு நெறிகளில் ஒரு கோடு போட்டிருக்கிறது: வேறு விளக்கம் எதுவும் இல்லாமல் ஒரு பொருளை 'மக்கும்' என்று சொல்வதானால், மக்கள் வழக்கமாக அதைத் தூக்கிப்போடும் இடத்தில், ஓர் ஆண்டுக்குள், முழுப் பொருளும் சிதைந்து இயற்கையோடு சேர்ந்துவிட வேண்டும். நமக்கு அது சட்டம் இல்லை. ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி: வழக்கமாக எங்கே போடுவோம்?

திருநெல்வேலி மாநகராட்சிப் பகுதியில் பழைய பாயை வண்டியில் போட்டால், பிரிக்கப்படாத குப்பையோடு அது ராமையன்பட்டிக் கிடங்குப் பக்கம் போய்ச் சேரலாம். குப்பைமேட்டின் உள்ளே காற்று புகாது. அங்கே கோரை மாதிரியான தாவரப் பொருள் மெதுவாகத்தான் சிதையும், சிதையும்போது மீத்தேன் வரும். மேடு தீப்பிடித்தால் அப்படியே எரியும். ஆக, 'மக்கும்' என்று நாம் சொன்னது தோட்டத்து மண்ணை மனதில் வைத்து. பாய் போவது வேறு இடத்துக்கு. இதை எழுதும் ஆள் மறைக்க வேண்டியதில்லை, 'தோட்டத்து மண்ணில் புதைத்தால்' என்று மூன்று சொற்களைச் சேர்த்தால் போதும்.

புதைத்தும் பார்த்தோம். அந்த எலி கடித்த பாயிலிருந்தே உள்ளங்கை அளவு துண்டு இரண்டு, வாழைக்குப் பக்கத்தில் ஒரு சாண் ஆழத்தில். ஈரமான இடம், தினம் தண்ணீர் பாயும். ஐந்து மாதம் கழித்துத் தோண்டியபோது கோரை கறுத்து, விரலில் பிசைந்தால் மண்ணோடு மண்ணாகப் போனது. தடிமனான சில நுனிகள் மட்டும் நார் நாராக நின்றன. நைலான் நூல் கோர்த்துவைத்த மாதிரியே வரிசையாக, தட்டிவிட்டால் நேற்றுப் போட்டது போல இருந்தது. மதினி அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார். என்னைக் கேட்டால், அந்தப் பக்கத்திலேயே மிக நல்ல படம் அதுதான். வேனலில் காய்ந்த மண்ணில் போட்டிருந்தால் இவ்வளவு சீக்கிரம் ஆகியிருக்காது. ஆகவே 'ஈரமான தோட்டத்து மண்ணில் ஐந்து மாதம்' என்பதுதான் நாங்கள் பார்த்தது. அதற்கு மேல் ஒரு மாதமும் சேர்த்துச் சொல்ல உரிமை இல்லை.

'ரசாயனம் இல்லாதது' என்ற வாக்கியம்தான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டியது. சிவப்புப் பட்டை எப்படி வந்தது? பத்தமடையில் ஒருகாலத்தில் சப்பங்கி மரக்கட்டையைக் கொதிக்கவைத்துச் சிவப்பு எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் பொட்டலச் சாயம். வெந்நீரில் கரைத்து, கோரையைப் போட்டுக் கொதிக்கவிட்டு, நிழலில் உலர்த்துவது. இரண்டையும் பிரித்தறிய ஒரு சின்னத் தடயம் உண்டு: சப்பங்கிச் சிவப்பு புளிப்பு பட்டால் பெரும்பாலும் மஞ்சள்பக்கம் சாயும், சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் இன்னும் அடர்ந்து ஊதாப் பக்கம் போகும். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு வைத்துப் பார்க்கலாம். இது சந்தேகத்தைத் தீர்க்க உதவும், சான்றாக எழுத உதவாது. எங்கள் பாயின் சிவப்பு எலுமிச்சைக்கு அசையவே இல்லை. பெரியம்மாவும் "பாக்கெட் சாயம்தான்" என்றார்.

செயற்கைச் சாயம் என்றவுடன் நஞ்சு என்று அர்த்தமில்லை. அசோ வகைச் சாயங்களில் சில, உடைந்து புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களை வெளிவிடும். அப்படிப்பட்ட 112 சாயங்களை இந்தியா 1990-களிலேயே தடை செய்துவிட்டது. இங்கே விளம்பரம் எழுதுகிறவர்கள் விழும் இன்னொரு குழி இருக்கிறது: 'தடைசெய்யப்பட்ட அசோ சாயம் இல்லை' என்று பெருமையாகப் போடுவது. சட்டப்படி யாருமே போடக்கூடாத ஒன்றைப் போடவில்லை என்பதைத் தனிச் சிறப்பாகக் காட்டக்கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நெறிகளில் சொல்லியிருக்கிறது. பால்காரர் 'எங்கள் பாலில் யூரியா இல்லை' என்று பலகை மாட்டியது போலத்தான் அது, வாங்குகிறவருக்கு இல்லாத சந்தேகம் வந்துவிடும்.

சாயத்தைப் பற்றி உண்மையிலேயே சொல்லக்கூடியது மூன்று விஷயம்தான்: எந்தப் பாகத்தில் சாயம், என்ன வகை, கழிவுத்தண்ணீர் எங்கே போகிறது. முதல் இரண்டுக்குப் பதில் கிடைத்தது; பாயின் இரு ஓரமும் நான்கு விரல் அகலத்துக்குப் பொட்டலச் சாயம், நடுப்பாகம் சாயமே படாத கோரை. மூன்றாவதற்கு, வீட்டுப் பின்கட்டு வாய்க்காலில் ஊற்றுவதாகச் சொன்னார். ஊரை ஒட்டியே கன்னடியன் கால்வாய் ஓடுகிறது. அதை மதினி பதிவில் போடவில்லை. 'சாயக் கழிவு சுத்திகரிக்கப்படுவதில்லை' என்று எழுதி அந்தப் பெரியம்மாவின் பிழைப்பில் கைவைக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் சாயமே இல்லாத வெள்ளைப் பாய் ஒன்றையும் விற்பனையில் சேர்த்தார், அதற்கு மட்டும் 'சாயம் இல்லை' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். தெரிந்ததை மறைத்துவிட்டுப் பச்சை வார்த்தை பூசுவதற்கும், ஒன்றைப் பற்றிப் பெருமையே பேசாமல் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பது என் கட்சி. இரண்டும் ஒன்றுதான் என்று வாதிடுகிறவர்களும் உண்டு.

கோரை எங்கே விளைந்தது என்பதும் அப்படியே. 'தாமிரபரணிக் கரையில் தானாக வளர்ந்த புல்' என்று எழுத யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, காயவைத்து, கீறி, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி கீறி நெய்வதுதான் பத்தமடையின் பழைய வழக்கம். ஆனால் கோரை கரூர், முசிறிப் பக்கம் காவிரிப் படுகையில் வயலில் பயிராகவும் விளைகிறது. பயிராக விளைந்த கோரைக்கு உரம் போட்டிருக்கலாம். நெய்பவர் கட்டாக வாங்கினாரா, ஆற்றங்கரையில் அறுத்தாரா என்பதை ஒவ்வொரு முறையும் கேட்காமல் எழுதக்கூடாது. 'பத்தமடையில் நெய்தது' என்பது சரி. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் அது கைவினைக்கும் ஊருக்கும் உள்ள உறவைச் சொல்லும் குறியீடே தவிர, சுற்றுச்சூழல் சான்றிதழ் அல்ல. அந்த முத்திரையை இலைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் குழப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் சட்டத்தில் இடமிருக்கிறதா என்றால், இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபர் 15 அன்று பசுமைப் பூச்சு விளம்பரங்களைத் தடுக்கும் நெறிமுறைகளை வெளியிட்டது. 'பசுமை', 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது', 'நிலைத்த வளர்ச்சிக்கு ஏற்றது', 'பூமிக்கு நல்லது' போன்ற பொதுச் சொற்களைத் தகுந்த விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் போடக்கூடாது என்பது அதன் சாரம். சொல்வது முழுப் பொருளைப் பற்றியா, ஒரு பாகத்தைப் பற்றியா, செய்முறையைப் பற்றியா, பொதியைப் பற்றியா என்று தெளிவாக்க வேண்டும். 'மக்கும்', 'இது கலக்காதது' போன்ற குறிப்பான கூற்றுக்குச் சான்றிதழோ, நம்பத்தகுந்த அறிவியல் ஆதாரமோ, சரிபார்க்கக்கூடிய சொந்த ஆதாரமோ வேண்டும். தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பாளையங்கோட்டை வீட்டிலிருந்து பாய் விற்கும் மதினியின் கதவை டெல்லியிலிருந்து வந்து யாரும் தட்டப்போவதில்லைதான். ஆனால் இணையத்தில் போடும் பதிவும் சட்டப்படி விளம்பரம்தான். உற்பத்தி செய்பவர் மட்டுமல்ல, விற்பவரும் அந்த நெறிமுறைகளுக்குள் வருகிறார்.

மதினிக்கு மிகவும் பிடித்த ஒரு வரி இருந்தது: 'பிளாஸ்டிக் பாயைவிடப் பல மடங்கு நல்லது.' இதை விட மனமில்லை அவருக்கு. பல மடங்கு என்றால் எத்தனை, எதில் என்று கேட்டேன். பிளாஸ்டிக் பாய் பாலிப்ரொப்பிலீன், பெட்ரோலிய வழிப் பொருள், மண்ணில் கரையாது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது தண்ணீரில் கழுவக் கழுவப் பல வருடம் உழைக்கும். கோரைப் பாய் ஈரத்தில் பூசணம் பிடிக்கும், மடித்து வைத்தால் முறியும், சுருட்டித்தான் வைக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பாய் உழைக்கும் காலத்தில் எத்தனை கோரைப் பாய் வாங்குவோம், ஒவ்வொன்றிலும் 70 கிராம் நைலான், கூடவே பார்சல் உறை எவ்வளவு என்று கணக்குப் போடாமல் 'பல மடங்கு' என்று சொல்ல வழியில்லை. ஒப்பிடுவதானால் எதை எதோடு, எந்த ஒரு அம்சத்தில் என்று சொல்ல வேண்டும் என்றுதான் நெறிமுறையும் கேட்கிறது. பார்சல் உறையையும் அன்றே நிறுத்தோம், 38 கிராம் பாலித்தீன். நூலின் எடையில் பாதிக்கு மேல். அதை மாற்றுவது நூலை மாற்றுவதைவிடச் சுலபம். இப்போது பழைய காடாத் துணியில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி அனுப்புகிறார். கூரியர்காரர் மழைக்காலத்தில் முகம் சுளிக்கிறார், ஐப்பசி கார்த்திகையில் மட்டும் மேலே ஒரு பிளாஸ்டிக் உறை போட வேண்டியிருக்கிறது. அதையும் பதிவில் சேர்த்தாயிற்று.

கடைசியில் எழுதியது இது:

'பத்தமடையில் கைத்தறியில் நெய்த கோரைப் பாய், 6 அடிக்கு 3 அடி, சுமார் 1.2 கிலோ. எடையில் ஏறக்குறைய 94 சதவீதம் கோரைப்புல். நீளவாட்டுப் பாவு நூல் நைலான். ஓரப் பட்டையில் மட்டும் பொட்டலச் சாயம், நடுவில் சாயம் இல்லை. இதே நெசவுப் பாயின் துண்டை ஈரமான தோட்டத்து மண்ணில் ஐந்து மாதம் புதைத்துப் பார்த்தோம்: கோரை பெரும்பாலும் மண்ணாகிவிட்டது, நூல் அப்படியே இருந்தது (அடுத்த படம்). பாய் கிழிந்த பிறகு நுனி முடிச்சை வெட்டி நூலை உருவிவிட்டால் கோரையை உரக்குழியில் போடலாம். பருத்திப் பாவு வேண்டுமானால் சொல்லி நெய்து தருவோம், விலை கூடும், ஈரத்தில் சீக்கிரம் இற்றுப்போகும். துணியில் சுற்றி அனுப்புகிறோம். மழைக்காலத்தில் மட்டும் பிளாஸ்டிக் உறை.'

நீளம்தான். முதல் வாரம் படித்தவர்களில் பாதிப்பேர் "நைலானா?" என்று கேட்டார்களாம். இரண்டு பேர் வாங்காமல் போனார்கள், மூன்று பேர் பருத்திப் பாவுக்குச் சொல்லிவைத்தார்கள். புதிய கட்டு வந்தபோது மதினி வழக்கம்போல நூலைக் கொளுத்திப் பார்த்திருக்கிறார். மணி கறுப்பாக நின்றது, கரும்புகை. நைலான் கிடைக்காமல் பெரியம்மா பாலியெஸ்டர் நூல் போட்டிருந்தார். "இப்ப என்ன செய்ய, பழைய பதிவையே போட்டுரட்டா?" என்று போன் வந்தது. நூல் பெயரை மாற்றி, மறுபடி ஒரு துண்டை நிறுத்துப் பார்த்து எண்ணையும் மாற்றச் சொன்னேன். புதைத்த படத்துக்குக் கீழே 'இது முந்தைய நைலான் நூல் பாய்' என்று ஒரு வரி சேர்த்தோம்.